ஒரே இரவில் 10 கிலோ மக்காச்சோளம்: மாட்டின் முதல் வயிற்றில் நடப்பது என்ன?

400 கிலோ எடையுள்ள ஒரு கறவை மாடு. தினமும் 2 கிலோ அடர்தீவனமும், அதோடு வைக்கோலும் பசும்புல்லும் தின்று பழகியது. ஒருநாள் இரவு கயிற்றை அறுத்துக்கொண்டு தீவன அறைக்குள் நுழைந்து, திறந்திருந்த மூட்டையிலிருந்து சுமார் 10 கிலோ மக்காச்சோள மாவைத் தின்றுவிடுகிறது. மாவில் விஷமில்லை, பூசணமும் இல்லை. இருந்தாலும் அடுத்த நாள் மாலைக்குள் அந்த மாடு எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிடலாம். உடனே வைத்தியம் கிடைக்காவிட்டால் செத்தும் போகலாம்.

இறைச்சிக்காக வளர்க்கப்படும், ஏறத்தாழ அதே எடையுள்ள மாடுகள் தினமும் 8 கிலோ வரை தானியம் தின்று நன்றாகவே இருக்கின்றன. வயிறும் ஒன்றுதான், தானியமும் ஒன்றுதான். அந்த மாடுகளைப் பல வாரம் படிப்படியாகப் பழக்கியிருப்பார்கள், நம் மாட்டுக்கு ஓர் இரவுதான் கிடைத்தது. அந்தச் சில வாரங்களில் மாட்டின் வயிற்றுக்குள் அப்படி என்னதான் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால், தீவனத்தைத் திடீரென்று மாற்றக் கூடாது என்று மருத்துவர்கள் ஓயாமல் சொல்வதன் காரணம் புரிந்துவிடும்.

தீவனத்தைத் தின்பது யார்?

மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறைதான் ரூமன். வளர்ந்த மாட்டில் இது 150 முதல் 200 லிட்டர் வரை கொள்ளும். வயிற்றின் இடது பக்கத்தை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே சூடு 39 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். காற்று கிட்டத்தட்ட இல்லை. நிமிடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ சுவர் சுருங்கி விரிந்து, உள்ளே இருப்பதைக் கிளறிவிடும். மேலே வாயு, அதன் கீழே பாய்போல் மிதக்கும் நார், அதற்கும் கீழே நீர்த்த கூழ் என்று அடுக்கடுக்காக இருக்கும்.

நாரைச் செரிக்கும் நொதி எதுவும் மாட்டின் உடலில் சுரப்பதில்லை. வைக்கோலை மாடு மென்று விழுங்குகிறது, அவ்வளவுதான். அதை உடைத்துச் சத்தாக்குபவை ரூமனில் வாழும் நுண்ணுயிரிகள். ரூமன் நீரில் ஒரு மில்லிலிட்டரை எடுத்தால் அதில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றோடு புரோட்டோசோவா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் லட்சக்கணக்கிலும், நாரைத் துளைத்துக்கொண்டு வளரும் பூஞ்சைகளும், மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களும் இருக்கும். புரோட்டோசோவாக்கள் இவற்றில் உருவத்தில் பெரியவை. 1843-லேயே குருபி, டெலாஃபாண்ட் என்ற இருவர் நுண்ணோக்கியில் பார்த்து இவற்றைப் பதிவு செய்துவிட்டார்கள். காற்றுப் பட்டால் செத்துவிடும் பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதற்கோ அதன்பின் நூறு ஆண்டுகள் ஆயின. அதற்கு வழி கண்டவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் ஹங்கேட்.

இந்த நுண்ணுயிரிகள் தீவனத்தைப் புளிக்கவைக்கின்றன. அதிலிருந்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்ற மூன்று கொழுப்பு அமிலங்கள் முக்கியமாக வெளிவருகின்றன. நார்த்தீவனம் தின்னும் மாட்டில் இவை தோராயமாக 65, 20, 15 என்ற விகிதத்தில் இருக்கும். ரூமனின் உட்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன நாக்குகள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் இந்த அமிலங்களை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 70 சதவீதம் இந்த வழியாக வருவதுதான். அசிட்டிக் அமிலம் பாலில் கொழுப்பாகிறது. புரோப்பியானிக் அமிலத்தைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றுகிறது. தீவனக் கூழோடு சேர்ந்து அடுத்த அறைகளுக்குப் போகும் நுண்ணுயிரிகளும் கடைசியில் செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆகவே நாம் தொட்டியில் கொட்டும் தீவனம் முதலில் போய்ச் சேர்வது நுண்ணுயிரிகளிடம்தான். அவை கொடுப்பதை வைத்துத்தான் மாடு வாழ்கிறது.

அமிலம் சேராமல் இருப்பது எப்படி?

மேலே சொன்ன மூன்றுமே அமிலங்கள். நாள் முழுக்க அமிலம் ஊறும் ஓர் இடம் புளித்துக் கெட்டுப்போகாமல் எப்படி இருக்கிறது? அமிலத்தன்மையை அளக்கும் எண்தான் பிஎச், அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். நல்ல நிலையில் உள்ள ரூமனின் பிஎச் 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும். அந்த அளவைக் காப்பாற்றுவதில் சுவர் உறிஞ்சுவதற்கு ஒரு பங்கு உண்டு. இன்னொரு பெரும் பங்கு உமிழ்நீருடையது.

ஒரு மாடு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் அதிகமாக உமிழ்நீர் சுரக்கிறது. அதில் பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் நிறைய உண்டு. அந்த 100 லிட்டரில் உள்ள பைகார்பனேட்டைச் சோடா உப்பாகக் கணக்கிட்டால் ஒரு கிலோவுக்குக் குறையாது. தினம் ஒரு கிலோ சோடா உப்பை மாடு தானே தயாரித்துத் தன் வயிற்றில் ஊற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். ஆனால் உமிழ்நீர் மெல்லும்போதுதான் அதிகம் சுரக்கும். நீளமான நார் உள்ள தீவனத்தைத் தின்ற மாடு ஒரு நாளில் 7 முதல் 9 மணி நேரம் வரை அசைபோடும். மாவுத் தீவனத்தை மெல்ல வேண்டிய அவசியமே இல்லை, அப்படியே விழுங்கிவிடலாம். மாவு இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது: அமிலத்தை வேகமாக உண்டாக்குகிறது, அமிலத்தை முறிக்கும் உமிழ்நீரையும் குறைத்துவிடுகிறது.

அரைக்கும் அளவும் இங்கே பேசப்பட வேண்டியது. முழு மக்காச்சோளத்தின் தோலை உடைத்துக்கொண்டு உள்ளே போக நுண்ணுயிரிகளுக்கு நேரம் பிடிக்கும். குறுணையாக உடைத்தால் அந்த வேலை எளிது, மாவாக அரைத்துவிட்டால் தடையே கிடையாது. கோதுமையும் பார்லியும் மக்காச்சோளத்தைவிடச் சீக்கிரம் புளிக்கும். ஒரே எடைதானே என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அப்படியே போடுவதும் தீவன மாற்றம்தான். இதைப் பலர் மாற்றமாகவே நினைப்பதில்லை.

அந்த இரவில் மணிக்கு மணி

நம் மாட்டுக்குத் திரும்புவோம். இதுவரை பெரும்பாலும் நாரே தின்றுவந்த மாடு அது. அதன் ரூமனில் ஃபைப்ரோபேக்டர், ருமினோகாக்கஸ் போன்ற நார் உடைக்கும் பாக்டீரியாக்கள்தான் அதிகம். மாவுச்சத்தைத் தின்பவை குறைவு. லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் மெகாஸ்பேரா எல்ஸ்டெனி போன்றவையோ மிகக் குறைவு, ஏனென்றால் இதுநாள்வரை அவற்றுக்கு அங்கே பெரிதாக உணவு இருந்ததில்லை.

முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மாவு ஊறிக் கலங்குகிறது. புரோட்டோசோவாக்கள் மாவுத் துகள்களை முடிந்தவரை விழுங்கித் தங்களுக்குள் வைத்துக்கொள்கின்றன. கொஞ்ச அளவு மாவு என்றால் இது நல்ல பாதுகாப்பு. அவை விழுங்கியது மெதுவாகத்தான் புளிக்கும். 10 கிலோ மாவை அவற்றால் சமாளிக்க முடியாது.

மீதி மாவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியாவுக்குக் கிடைக்கிறது. சாதாரண நாட்களில் இது சொற்ப எண்ணிக்கையில் ஒதுங்கிக் கிடக்கும். மாவும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைத்துவிட்டால் அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். அரை மணிக்கு ஒரு முறை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: 6 மணி நேரத்தில் 12 முறை இரட்டிப்பாகி, ஒன்று 4096 ஆகிவிடும். உணவு மிஞ்சிக் கிடக்கும்போது இது அசிட்டிக் போன்ற அமிலங்களை விட்டுவிட்டு லாக்டிக் அமிலத்தைச் சுரக்கத் தொடங்குகிறது. மற்ற மூன்றையும்விட இது ஏறக்குறைய பத்து மடங்கு வலிய அமிலம். லாக்டிக் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. அவை எண்ணிக்கையில் எட்டிப்பிடிப்பதற்குள் நிலைமை கைமீறிவிடும்.

பிஎச் 6-க்குக் கீழே இறங்கியதும் நார் உடைக்கும் பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகின்றன. 5.5-க்கும் கீழே போனால் புரோட்டோசோவாக்கள் சாகத் தொடங்கும், அவற்றின் வயிற்றில் இருந்த மாவும் வெளியே கொட்டும். 5-ஐ நெருங்கும்போது ரூமன் சுவர் அசைவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அசைவு நின்றால் அசைபோடுவது இல்லை. அசைபோடாவிட்டால் உமிழ்நீர் வரத்து குறைந்துவிடும். அமிலத்தை முறிக்க வழி மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அந்த வழியே அடைபடுகிறது. இன்னும் புளித்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸே தாக்குப்பிடிக்காமல் பின்வாங்கும். அதைவிட அமிலம் தாங்கும் லாக்டோபாசில்லஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு லாக்டிக் அமிலத்தையே தொடர்ந்து சுரக்கும். பிஎச் 4.5 வரை வந்துவிடலாம். பிஎச் ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. 6.5-லிருந்து 4.5-க்கு வந்தால் நூறு மடங்கு.

நார் தின்ற ஆடுகளுக்குத் திடீரென்று தானியம் கொடுத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெருகுவதையும் புரோட்டோசோவாக்கள் மடிவதையும் ஹங்கேட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1952-லேயே எழுதிவைத்தார்கள். அடிப்படையில் அந்த விளக்கம் இன்றைக்கும் நிற்கிறது.

வயிற்றைத் தாண்டி உடலுக்கு

ரூமனில் கரைந்து கிடக்கும் இவ்வளவு அமிலமும் சர்க்கரையும் ரத்தத்திலிருந்து நீரை உள்ளே இழுக்கின்றன. வயிறு தண்ணீரால் நிரம்பிக்கொண்டிருக்க, உடல் வறண்டுபோகிறது. ரத்தம் கெட்டிப்படுகிறது, கண்கள் உள்ளே குழிவிழுகின்றன. லாக்டிக் அமிலம் ரத்தத்துக்குள்ளும் போகிறது. நுண்ணுயிரிகள் சுரக்கும் லாக்டிக் அமிலத்தில் ஒரு வகையை மாட்டின் உடல் மிக மெதுவாகத்தான் எரிக்கும் என்பதால் அது ரத்தத்தில் தேங்குகிறது. ரூமன் சுவரின் முளைகள் அமிலத்தில் வெந்து புண்ணாகின்றன. அந்தப் புண் வழியாகக் கிருமிகள் கல்லீரலுக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்துச் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். செத்து உடைந்த பாக்டீரியாக்களிலிருந்து வரும் நச்சுப் பொருட்களும் ரத்தத்தில் கலந்து குளம்பின் உள்சதையைப் பாதிக்கும். வயிற்று நோய் தீர்ந்த பிறகும் மாடு நொண்டுவதற்கு இதுவே காரணம்.

வெளியே தெரியும் அடையாளங்களில் ஏமாற்றக்கூடியது முதல் 6 முதல் 8 மணி நேரம்தான். மாடு ஏறக்குறைய சாதாரணமாகவே நிற்கும். வயிறு கொஞ்சம் நிறைந்தாற்போல் தெரியும், அசைபோடாது, அவ்வளவுதான். அதன் பிறகு தீவனத்தைத் தொடாது. பல்லை நறநறவென்று கடிக்கும், நடை தள்ளாடும். சாணம் இளகிப் புளித்த வாடையோடு சாம்பல் கலந்த மஞ்சளாகக் கழியும். அதில் செரிக்காத தானியமும் நுரையும் இருக்கும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் நிலைமை மோசம். கடைசிக் கட்டத்தில் உடல் குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு படுத்துவிடும்.

இதை வயிறு உப்புசம் என்று எண்ணி எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பவர்கள் உண்டு. வித்தியாசத்தைக் கையாலேயே பார்க்கலாம். இடது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தைத் தட்டினால், உப்புசத்தில் பறை கொட்டுவதுபோல் ஒலிக்கும். அமிலம் ஏறிய வயிறு முதலில் பிசைந்த மாவைப்போல் அமுங்கும், பிறகு முஷ்டியால் அழுத்திவிட்டால் உள்ளே தண்ணீர் சளக்கென்று அலையடிக்கும்.

மருத்துவர் வந்தால் குழாய் விட்டு ரூமன் நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார். நல்ல மாட்டின் ரூமன் நீர் ஆலிவ் பச்சையாகவோ பழுப்புப் பச்சையாகவோ சற்றே பிசுபிசுப்பாக இருக்கும், வாடை கெடுதலாக இருக்காது. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் புரோட்டோசோவாக்கள் மொய்த்துக்கொண்டு நீந்தும். அமிலம் ஏறிய மாட்டின் நீர் பால்கலந்த சாம்பல் நிறத்தில் நீர்த்து, புளிப்பு வாடை மூக்கைத் துளைக்கும். அதன் சொட்டில் எதுவும் நகராது. பிஎச் தாளில் தொட்டால் 5-க்குக் கீழே காட்டும். குழாயில் உமிழ்நீர் கலந்துவிட்டால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதால் முதலில் வரும் நீரைக் கொட்டிவிட்டு அடுத்ததைச் சோதிப்பார்கள்.

வைத்தியம் எவ்வளவு தின்றது, எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்தது. லேசாக இருந்தால் அமிலத்தை முறிக்கும் மருந்தும் காய்ந்த புல்லும் போதலாம். கடுமையானால் வயிற்றைக் கழுவ வேண்டும், அல்லது விலாவில் திறந்து மாவை வெளியே எடுக்க வேண்டும். நரம்பில் திரவம் ஏற்றுவது, தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவது, பிறகு நல்ல மாட்டின் ரூமன் நீரைச் சில லிட்டர் எடுத்து இந்த மாட்டுக்குள் விடுவது எல்லாம் அதைத் தொடர்ந்து வரும். செத்துப்போன நுண்ணுயிரிக் கூட்டத்தை மறுபடி குடியேற்றும் வழி அந்தக் கடைசி வேலை. வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது, தானியத்தை அப்புறப்படுத்திவிட்டு, தின்ற அளவை உத்தேசமாகக் கணக்கிட்டு உடனே மருத்துவரை அழைப்பது. மாடு நன்றாகத்தானே நிற்கிறது என்று விடியும்வரை பொறுத்திருப்பதுதான் பெரும்பாலும் உயிரைக் குடிக்கிறது. தண்ணீரை எவ்வளவு விடலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். தள்ளாடும் மாட்டின் வாயைத் திறந்து எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

அதே மாடு, மூன்று வாரம்

இப்போது மூட்டை கட்டியே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மாடு கன்று ஈன்று பால் ஏறுகிறது, அடர்தீவனத்தை 2 கிலோவிலிருந்து 5 கிலோவாக உயர்த்த வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை அரை கிலோ கூட்டினால் ஆறு படிகள், 18 நாட்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூடுதலாக லாக்டிக் அமிலம் உருவாகும். அதுவே மெகாஸ்பேரா போன்றவற்றுக்கு உணவு. அவை மெதுவாகவாவது பெருகி, அடுத்த படி வருவதற்குள் அந்த அமிலத்தைத் தின்று தீர்க்கும் அளவுக்கு வந்துவிடும். புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள் கூடுவதால் சுவரின் முளைகளும் நீண்டு அகலமாகி உறிஞ்சும் பரப்பு பெரிதாகும். நுண்ணுயிரிகள் சுமார் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். முளைகள் முழுதாக வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால் மூன்று வாரம் முடிந்தாயிற்று என்று அடுத்த உயரத்துக்குத் தாவாமல் அங்கேயே கொஞ்ச காலம் நிறுத்துவது நல்லது.

5 கிலோவையும் ஒரே வேளையில் வைக்கக் கூடாது. மூன்று வேளையாகப் பிரித்து, ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மிகாமல் வைத்தால் பிஎச் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கித் திரும்ப ஏறிவிடும். முதலில் வைக்கோலோ காய்ந்த புல்லோ கொடுத்து, மாடு மென்று உமிழ்நீர் இறங்கிய பிறகு அடர்தீவனம் வைப்பது சின்ன மாற்றம்தான், ஆனால் பலன் பெரிது.

கூட்டும் வேகம் அதிகமாகிவிட்டால் மாடு படுத்துவிடாது. பிஎச் நாளில் சில மணி நேரம் 5.8-க்குக் கீழே இறங்கி இறங்கி ஏறும் மறைமுகமான நிலை வரும், நஷ்டத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. பாலின் அளவு குறையாமல் கொழுப்பு மட்டும் இறங்கும். நேற்றுக் கெட்டியாக இருந்த சாணம் இன்று இளகும், நாளை மறுபடி கெட்டியாகும். சாணத்தைக் கையில் எடுத்துச் சல்லடையில் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்கும் நீளமான நார்த்துண்டுகளும் முழுத் தானியமும் தங்கும். நார் உடைக்கும் கூட்டம் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதற்கு அது நேரடிச் சாட்சி. கொட்டகையில் தின்று முடித்துப் படுத்திருக்கும் மாடுகளை எண்ணிப் பாருங்கள். பாதிக்குமேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அடுத்த அரை கிலோவை நிறுத்திவைத்து, நாரைக் கூட்டிச் சில நாள் பார்க்க வேண்டும்.

நோயில் மூன்று நான்கு நாள் தின்னாமல் கிடந்து தேறிய மாட்டின் ரூமனிலும் கூட்டம் மெலிந்துதான் இருக்கும். பழைய அளவு 5 கிலோதானே, அதற்குப் பழகிய மாடுதானே என்று முதல் நாளே அதை வைத்துவிடுகிறார்கள். பழகியிருந்த நுண்ணுயிரிகள் இப்போது அந்த எண்ணிக்கையில் இல்லை. அப்படிப்பட்ட மாட்டுக்கு முதலில் நல்ல காய்ந்த புல், பிறகு 1 கிலோ அடர்தீவனம், அசைபோடத் தொடங்கிவிட்டது என்று பார்த்த பிறகு மறுபடி மூன்று நாளுக்கு அரை கிலோ என்றுதான் ஏற்ற வேண்டும்.